கடன் ஏறினால் நிர்வாகி திருந்துவாரா? ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோவை வைத்து ஒரு கேள்வி

வரவுசெலவு | மார்ச் 4, இரவு 10:40

நான் சொல்ல வருவது இதுதான்: பங்குதாரர் பணத்தை நிர்வாகி வீணடிக்காமல் தடுக்க இயக்குநர் குழுவாலும் முடியாது, சம்பளத்தாலும் முடியாது. தலைக்கு மேல் கடன் இருந்தால் மட்டும்தான் முடியும். தவறென்றால் சொல்லுங்கள்.

ஆதாரத்துக்கு ஒரே கம்பெனியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் அன்று இருந்த ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ. ஒரு கையில் வின்ஸ்டன், கேமல் சிகரெட். மறு கையில் ஓரியோ, ரிட்ஸ் பிஸ்கட். சிகரெட் தொழிலில் புதிதாக ஆலை கட்ட வேண்டிய தேவை பெரிதாக இல்லை, ஆனால் வருடா வருடம் பணம் கொட்டும். அந்தப் பணத்தைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். தலைமை நிர்வாகி ராஸ் ஜான்சன் என்ன செய்தார்? கம்பெனிக்குப் பத்து விமானம், முப்பத்தாறு பைலட். அட்லாண்டாவில் அதற்கென்று சொந்தக் கொட்டகை. புகையில்லாத சிகரெட் என்று 'பிரீமியர்' ஒன்றைக் கண்டுபிடிக்க 30 கோடி டாலருக்கு மேல் செலவு. 1988 அக்டோபரில் மூன்று ஊர்களில் விற்றுப் பார்த்தார்கள். வாசனை சகிக்கவில்லை, பற்றவைக்கவே கஷ்டம் என்று வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். 1989 தொடக்கத்திலேயே கடையைக் கட்டினார்கள்.

இதெல்லாம் நடக்கும்போது பங்கு விலை 55 டாலர் பக்கம் கிடந்தது. அப்புறம் 1988 முடிவில் கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனம் பெரும்பாலும் கடன் வாங்கியே கம்பெனியை மொத்தமாக வாங்கியது. பங்குக்கு 109 டாலர், மொத்தம் சுமார் 2,500 கோடி டாலர். விமானங்கள் விற்பனைக்குப் போயின. வட்டி கட்டியாக வேண்டும் என்றால் விமானத்தில் ஏற யாருக்கு மனம் வரும்?

பிஸ்கட்_ஏஜென்சி | மார்ச் 5, காலை 6:15

தலைப்பில் நபிஸ்கோ என்று பார்த்து உள்ளே வந்தேன். நான் மதுரைப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக பிஸ்கட் ஏஜென்சி வைத்திருக்கிறேன். நீங்கள் 'ஏஜென்சி பிரச்சினை' என்று வேறொரு இழையில் எழுதியிருந்தீர்கள், அதற்குத்தான் என் பதில்: பிரச்சினை முழுக்க கம்பெனிக்காரனிடம்தான். மார்ஜினைக் குறைப்பான், மாதக் கடைசியில் கேட்காத சரக்கை லாரியில் ஏற்றி அனுப்புவான்.

வரவுசெலவு | மார்ச் 5, காலை 9:02

அண்ணே, இது அந்த ஏஜென்சி இல்லை. ஒருவர் பணத்தை இன்னொருவர் அவர் சார்பில் நடத்தும்போது வரும் சிக்கல். பங்குதாரர் முதலாளி, நிர்வாகி அவருடைய ஆள். நீங்கள் சொல்வது டீலர்ஷிப்.

பிஸ்கட்_ஏஜென்சி | மார்ச் 5, காலை 9:20

என் சேல்ஸ்மேன் என் பெட்ரோலில் மாமியார் வீட்டுக்குப் போவது போல?

வரவுசெலவு | மார்ச் 5, காலை 9:21

அதேதான்.

கடன்பத்திரம் | மார்ச் 5, மாலை 5:50

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன். உங்கள் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள், விட்ட பாதிதான் முக்கியமானது.

55-லிருந்து 109-க்கு ஒரே தாவலாகப் போகவில்லை. முதலில் ஏலம் கேட்டது ஜான்சனேதான். 1988 அக்டோபர் 19 இரவு இயக்குநர் குழுவிடம் போய், நானும் என் ஆட்களும் ஷியர்சன் லீமன் ஹட்டன் என்ற வால் ஸ்ட்ரீட் நிறுவனத்தின் பணத்தோடு கம்பெனியை வாங்கிக்கொள்கிறோம் என்றார். மறுநாள் அறிவித்த விலை 75 டாலர். அதாவது, பங்குதாரர்களுக்கு நல்ல விலை வாங்கித் தர வேண்டிய ஆளே குறைந்த விலைக்கு வாங்கும் ஆளாக எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். நிர்வாகிக்கும் பங்குதாரருக்கும் உள்ள மோதலை இதைவிடப் பச்சையாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரிந்து இல்லை. விமானம் எல்லாம் சில்லறை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 22.9 கோடிப் பங்குகள். 75-க்கும் 109-க்கும் வித்தியாசம் 34 டாலர். பெருக்கினால் சுமார் 780 கோடி டாலர். ஜான்சன் சொன்ன முதல் விலைக்கே குழு தலையாட்டியிருந்தால் அத்தனையும் பங்குதாரர் கையிலிருந்து போயிருக்கும். பிரீமியர் சிகரெட்டில் போனதைப் போல இருபத்தைந்து மடங்கு.

அதைக் காப்பாற்றியது கடன் இல்லை. அவருக்கு எதிராக இன்னொருவர் ஏலம் கேட்டதும், வெளி இயக்குநர்கள் தனிக் குழு அமைத்து அவசரப்படாமல் உட்கார்ந்ததும்தான்.

சுருக்குப்பை | மார்ச் 5, இரவு 8:11

இரண்டு பேரும் வரியை மறந்துவிட்டீர்கள். கட்டும் வட்டியை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், டிவிடெண்டைக் கழிக்க முடியாது. 109 கொடுத்ததே அமெரிக்க அரசுக்குப் போக வேண்டிய வரிப் பணத்தில்தான். நிர்வாகி திருந்தினார், ஒழுக்கம் வந்தது எல்லாம் புத்தகக்காரர்கள் சொல்லும் கதை.

வரவுசெலவு | மார்ச் 5, இரவு 11:30

கடன்பத்திரம் ஐயா, 780 கோடி கணக்கு என்னைக் கொஞ்சம் உலுக்கியது. ஆனால் அதே இயக்குநர் குழுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குழுவை ஜான்சன் குளிப்பாட்டி வைத்திருந்தார். சிலருக்கு ஆலோசகர் ஒப்பந்தம், எல்லோருக்கும் கம்பெனி விமானம். பல வருடம் அவர்கள் எதையும் கேட்கவில்லை. பிரீமியருக்குக் கொட்டிய பணம் கூட அவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

பிறகு 1988 நவம்பரில் மட்டும் எப்படி முதுகெலும்பு வந்தது? ஜான்சன் குழுவின் ஒப்பந்தம் நாளிதழில் வெளியானது. அவருக்கும் சில ஆட்களுக்கும் வாங்கிய கம்பெனியில் 8.5 சதவீதம், இலக்கை எட்டினால் இன்னும் மேலே. ஊர் சிரித்த பிறகு குழுவுக்குத் தங்கள் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். வழக்கும் வரும். எனவே 'கண்காணிப்பு வேலை செய்தது' என்பதைவிட 'வெளிச்சம் பட்டதும் வேலை செய்தது' என்று சொல்ல விரும்புகிறேன்.

சுருக்குப்பை, வரி உண்மைதான். ஆனால் அக்டோபர் 18-ஆம் தேதியும் வரிச் சட்டம் அதேதான், அன்று பங்கு 55-இல் கிடந்தது. வரிச் சலுகையை முழுதாகப் பயன்படுத்தாமல், கடனைக் குறைவாக வைத்துக்கொண்டு சொகுசாக இருந்தது யார்?

சுருக்குப்பை | மார்ச் 6, காலை 7:40

அது நியாயம். ஆனாலும் எவ்வளவு வரி, எவ்வளவு ஒழுக்கம் என்று பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

(யாரும் காட்டப் போவதில்லை என்று தெரிந்தே கேட்கிறேன்.)

நூல்மில்_பேத்தி | மார்ச் 6, பிற்பகல் 1:15

எங்கள் தாத்தா தொடங்கிய நூற்பாலை. இப்போது பதினான்கு பங்குதாரர்கள், எல்லாம் சித்தப்பா, அத்தை வகையறா. நடத்துவது பெரியப்பா மகன். கடனே கிடையாது என்பது அவனுக்குப் பெருமை. டிவிடெண்டும் கிடையாது. கேட்டால், "கம்பெனியிலதானே இருக்கு, எங்க போயிடப் போகுது" என்பான். போன வருடம் தேவையே இல்லாத ஊரில் விருந்தினர் மாளிகை கட்டியிருக்கிறான்.

வரவுசெலவு சொல்வதுபோல் கடன் வாங்க வைத்தால் சரியாகுமா? அவன் வாங்கி வேறு எங்காவது போட்டால்?

கடன்பத்திரம் | மார்ச் 6, மாலை 6:30

அம்மா, நீங்கள்தான் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். கடன் வாங்கிய பணம் எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் அண்ணன் கடன் வாங்கி இன்னொரு மாளிகை கட்டினால் கடன் கெடுதல். கடன் வாங்கிய பணம் அப்படியே பங்குதாரர் கைக்கு வந்து, வட்டி கட்டும் பொறுப்பு மட்டும் கம்பெனியில் தங்கினால்தான் அவர் கை கட்டப்படும். நபிஸ்கோவில் நடந்தது அதுதான். கடன் பணம் கம்பெனிக்குள் வரவே இல்லை, பழைய பங்குதாரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பொருளாதார அறிஞர் மைக்கேல் ஜென்சன் 1986-இல் சொன்னதும் இதுதான். 'டிவிடெண்ட் தருகிறேன்' என்று நிர்வாகி சொன்னால் அடுத்த வருடம் நிறுத்திக்கொள்ளலாம், பங்கு விலை இறங்கும், அவ்வளவுதான். 'வட்டி தருகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் கடன்காரர் கோர்ட்டுக்குப் போவார், நாற்காலி போகும். ஆக, கொடுப்பேன் என்ற பேச்சை நம்பத்தக்கதாக ஆக்குவது கடன். வளர இடமில்லாத, ஆனால் பணம் கொட்டுகிற தொழிலுக்குத்தான் இது பொருந்தும் என்றும் அவர் சொன்னார். எண்ணெய், புகையிலை போல. பஞ்சு விலை வருடத்துக்கு வருடம் ஆடும் நூற்பாலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மோசமான பருவம் போதும்.

நூல்மில்_பேத்தி | மார்ச் 6, மாலை 6:52

அப்போது எனக்கு வழியே இல்லையா சார்?

கடன்பத்திரம் | மார்ச் 6, இரவு 7:05

கணக்கைக் கேளுங்கள். மாளிகைக்கு யார் கையெழுத்துப் போட்டது, போர்டில் தீர்மானம் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பதினான்கு பேரில் நான்கு பேர் சேர்ந்து கேட்டால் பேச்சு மாறும். இப்போது ஒவ்வொருவரும் 'மற்றவர் கேட்கட்டும், நமக்கெதற்குப் பொல்லாப்பு' என்று இருப்பீர்கள். நபிஸ்கோ பங்குதாரர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

வரவுசெலவு | மார்ச் 8, இரவு 9:45

சம்பளத்தால் முடியாது என்று முதல் பதிவில் போகிற போக்கில் எழுதியதை விளக்க வேண்டும்.

1990-இல் ஜென்சனும் மர்ஃபியும் அமெரிக்கப் பெரிய கம்பெனிகளின் தலைமை நிர்வாகிகளைக் கணக்கெடுத்தார்கள். பங்குதாரர்களின் சொத்து 1,000 டாலர் கூடினாலோ குறைந்தாலோ, சம்பளம், போனஸ், கையில் உள்ள பங்கு, வேலை போகும் அபாயம் எல்லாம் சேர்த்து நிர்வாகியின் சொத்தில் வரும் மாற்றம் சராசரியாக 3.25 டாலர். இதை விமானத்தில் போட்டுப் பாருங்கள். 1 கோடி டாலர் வீணாக ஒரு ஜெட் வாங்கினால் நிர்வாகிக்கு நஷ்டம் 32,500 டாலர். அவ்வளவு கொடுத்து ஜெட் கிடைக்கும் என்றால் நானும் வாங்குவேன்.

கே.கே.ஆர். வந்த பிறகு இந்த எண்தான் மாறுகிறது. மேல்மட்ட நிர்வாகிகள் சொந்தப் பணம் போட்டுப் பங்கு வாங்க வேண்டும். மேலே முதலாளி யார் என்று தெரியும், அவர் அடிக்கடி எண்களைக் கேட்பார். எனவே நான் 'கடன்' என்று சொன்னதில் கடன், நிர்வாகியின் சொந்தப் பங்கு, கண்காணிக்கும் முதலாளி என்று மூன்று மருந்தும் கலந்திருந்தன. எது குணப்படுத்தியது என்று பிரிக்க முடியாமல் எல்லாப் புகழையும் கடனுக்கே கொடுத்துவிட்டேன். சுருக்குப்பை சிரிக்கலாம்.

சுருக்குப்பை | மார்ச் 8, இரவு 9:58

சிரித்தாகிவிட்டது. கூடவே ஒன்று: வெளியேறிய ஜான்சனுக்குக் கிடைத்தது 5 கோடி டாலருக்கு மேல். இதையும் 'சம்பளம் மோதலைக் குறைக்கிறது' கணக்கில் எழுதுவீர்களா?

வரவுசெலவு | மார்ச் 8, இரவு 10:20

எழுதலாம் என்று வாதாடுபவர்கள் உண்டு. போகும்போது கை நிறையக் கிடைக்கும் என்றால் நிர்வாகி, கம்பெனி கைமாறுவதைத் தடுத்துக்கொண்டு நிற்க மாட்டார் என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. முப்பதாயிரம் சம்பளத்தில் பதினொரு வருடம் கணக்கு எழுதிவிட்டு ஒரு சால்வையோடு வெளியே வந்தவன் நான்.

பிஸ்கட்_ஏஜென்சி | மார்ச் 9, காலை 6:05

எல்லாவற்றையும் படித்தேன். மாதக் கடைசி லாரி பற்றி நான் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதுவும் இந்தப் பிரச்சினைதான் என்று இப்போது தோன்றுகிறது. ஏரியா மேனேஜருக்கு மார்ச் 31-க்குள் டார்கெட். எனக்கு 400 கேஸ் போதும், 900 கேஸ் இறக்குவான். அவனுக்கு போனஸ், கம்பெனி கணக்கில் விற்பனை. ஏப்ரலில் நான் ஆர்டரே போட மாட்டேன். ஜூனில் பாதி சரக்கு நமுத்துத் திரும்பிப் போகும். முதலாளிக்கு உண்மையில் என்ன கிடைத்தது?

கடன்பத்திரம் | மார்ச் 9, காலை 8:30

அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு சல்யூட். இதே நபிஸ்கோ கம்பெனியின் சிகரெட் பிரிவில் இதே வேலை பல வருடம் நடந்தது. விலை ஏற்றுவதற்கு முன்பு மொத்த வியாபாரிகளின் கிடங்கில் கட்டுக்கட்டாகத் தள்ளுவார்கள். காலாண்டு லாபம் அழகாக இருக்கும். ஆனால் சரக்கு வெளியேறியதுமே கலால் வரியைக் கட்டியாக வேண்டும், விற்காமல் காய்ந்துபோன சிகரெட் திரும்பி வரும், அடுத்த காலாண்டில் அந்தப் பள்ளத்தை நிரப்ப இன்னும் அதிகமாகத் தள்ள வேண்டும்.

கே.கே.ஆர். வாங்கிய பிறகு, 1989-இல், இதை நிறுத்தினார்கள். நிறுத்திய வருடம் காகித லாபம் விழுந்தது. பங்குச் சந்தையில் இருந்திருந்தால் எந்த நிர்வாகியும் அதைச் செய்யத் துணிந்திருக்க மாட்டார். கடன்காரனுக்கும் கே.கே.ஆருக்கும் காகித லாபம் வேண்டாம், கல்லாவில் விழும் பணம் வேண்டும். அளக்கும் கோலை மாற்றியதும் பழக்கம் மாறியது. போனஸ் எவ்வளவு என்பதைவிட எதை அளந்து கொடுக்கிறோம் என்பது பெரிய விஷயம் என்பதற்கு உங்கள் லாரியே சாட்சி.

பிஸ்கட்_ஏஜென்சி | மார்ச் 9, காலை 8:41

நமுத்த பிஸ்கட்டுக்கு அமெரிக்காவில் சாட்சி இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். நம்பவில்லை.

கடன்பத்திரம் | மார்ச் 10, இரவு 8:15

இப்போது என் சொந்தக் குறை. கடனை எல்லோரும் மருந்து என்கிறீர்களே, பழைய கடன்காரனை யாராவது நினைத்தீர்களா?

ஆர்.ஜே.ஆர். ஒரு காலத்தில் கடன் கொடுப்பவருக்கு மிகப் பாதுகாப்பான இடம். அதன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தவர்களில் மெட்லைஃப் காப்பீட்டு நிறுவனமும் ஒன்று, சுமார் 34 கோடி டாலர் அளவுக்கு. ஜான்சனின் ஏல அறிவிப்பு வந்ததும் அந்தப் பத்திரங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விலை இழந்தன. அதே வருமானத்தில் பங்கு கேட்க மலை போலப் புதுக் கடன் வந்து நின்றால் பழைய பத்திரத்தின் பாதுகாப்பு போய்விடுமல்லவா? பங்குதாரர் அடைந்த லாபத்தில் ஒரு பகுதி மெட்லைஃப் சட்டைப்பையிலிருந்து வந்தது.

வழக்குப் போட்டார்கள். 1989-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளிவிட்டது. பத்திரத்தில் 'இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது' என்ற நிபந்தனை எழுதியிருந்தால் கேட்கலாம். எழுதாததை எழுதியதாக நாங்கள் எப்படிப் படிப்பது என்றார் நீதிபதி. இப்படி ஒரு நாள் நடக்கலாம் என்று மெட்லைஃபின் உள்குறிப்பு ஒன்றே சில வருடம் முன்பு சொல்லியிருந்ததும் வழக்கில் வெளிவந்தது.

நானும் ஒரு தடவை அப்படி ஏமாந்திருக்கிறேன். ஒரு கம்பெனியின் பத்திரம், பெயர் வேண்டாம். உரிமையாளர் மாறினால் அசலைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரியை, கால் சதவீதம் கூடுதல் வட்டிக்காக விட்டுக்கொடுத்தோம். அந்தக் குறிப்பில் என் கையெழுத்தும் இருந்தது. இப்போதெல்லாம் எந்தப் பத்திரம் வந்தாலும் வட்டியைப் பார்க்க மாட்டேன், நிபந்தனைப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன்.

வரவுசெலவு | மார்ச் 11, இரவு 11:50

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய விவரங்களைத் திரும்பப் பார்த்தேன். என் முதல் பதிவில் பெரிய ஓட்டை இருக்கிறது.

கடைசி ஏலத்தில் ஜான்சன் பக்கம் கேட்டது 112, கே.கே.ஆர். கேட்டது 109. குறைந்த விலை ஜெயித்தது எப்படி? இரண்டுமே முழுப் பணம் இல்லை. கே.கே.ஆரின் 109-இல் 81 டாலர்தான் ரொக்கம், மீதி 28-க்குப் பணத்துக்குப் பதிலாகக் கம்பெனி எழுதித் தரும் பத்திரங்கள், அதாவது வெறும் காகிதம். அந்தக் காகிதத்துக்கு வட்டியும் பணமாக வராது, மேலும் காகிதமாகவே வரும். அந்தக் காகிதம் எழுதிய விலைக்குச் சந்தையில் போகவில்லை என்றால், போகும் அளவுக்குப் பிறகு வட்டியை உயர்த்தித் தருகிறோம் என்று கே.கே.ஆர். உறுதி கொடுத்தது. ஜான்சன் பக்கம் அதற்கு ஒத்துவரவில்லை. மதிப்பீட்டாளர்கள் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றார்கள். பங்குதாரர்களுக்குப் புதிய கம்பெனியில் கூடுதல் பங்கும் கே.கே.ஆர். விட்டுவைத்தது. ஜான்சன் மேல் குழுவுக்கு இருந்த எரிச்சலும் சேர்ந்தது.

1990 ஜனவரியில் கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ் தரத்தைக் குறைத்ததும் அந்தக் காகிதங்கள் தடதடவென்று விழுந்தன. 1991 ஏப்ரலுக்குள் வட்டியை உயர்த்தி முழு விலைக்குக் கொண்டுவர வேண்டும். வட்டியை ஏற்றினால் கம்பெனியின் சுமை கூடும், சுமை கூடினால் காகிதம் இன்னும் விழும், விழுந்தால் இன்னும் ஏற்ற வேண்டும். எந்த வட்டியிலும் நிற்காத சுழல். கடைசியில் 1990-இல் கே.கே.ஆர். மேலும் 170 கோடி டாலர் சொந்தப் பணத்தைப் பங்காக இறக்கித்தான் தப்பித்தது. ஏலத்தை ஜெயிக்க வைத்த அதே வாக்குறுதிதான் கழுத்தில் கயிறாக வந்தது.

'தலைக்கு மேல் கடன்' என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். தோள் வரைக்கும்?

சுருக்குப்பை | மார்ச் 12, காலை 7:25

தோளும் அதிகம். 1993 ஏப்ரல் 2-இல் ஃபிலிப் மாரிஸ் மார்ல்பரோ விலையை பாக்கெட்டுக்கு 40 சென்ட் குறைத்தது. ஆர்.ஜே.ஆரும் குறைத்தாக வேண்டியிருந்தது. கடன் சுமந்தவனும் சுமக்காதவனும் விலைச் சண்டை போட்டால் யார் முதலில் உட்காருவான்? கே.கே.ஆர். 1995-இல் வெளியேறியபோது அதன் முதலீட்டாளர்களுக்குக் கிடைத்தது பெருமைப்படும்படி இல்லை. அதற்கும் கடனைத்தான் காரணம் சொல்வேன்.

கடன்பத்திரம் | மார்ச் 12, காலை 10:10

விலைப் போர் எல்லோரையும் அடித்தது, ஃபிலிப் மாரிஸ் பங்கே அன்று ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஏலத்தில் விலையை ஏற்றிவிட்டு அதிகம் கொடுத்து வாங்கியதும் காரணம். வாங்கியவருக்கு லாபம் இல்லை என்பதும், 1988-இல் விற்ற பங்குதாரருக்கு மோதலில் போன பணம் திரும்பக் கிடைத்தது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். இதை நீங்கள் கலக்கிறீர்கள்.

சுருக்குப்பை | மார்ச் 12, காலை 10:31

கலக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.

நூல்மில்_பேத்தி | மார்ச் 19, மாலை 4:40

நான்கு பேர் இல்லை, ஆறு பேர் கையெழுத்துப் போட்டோம். மாளிகைக்கான போர்டு தீர்மானத்தின் நகல் கேட்டு எழுதினோம். பெரியப்பா மகன் மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நேற்று அவனே கூப்பிட்டு, இந்த வருடம் டிவிடெண்ட் பற்றி யோசிக்கலாம் என்றான். தீர்மானம் மட்டும் இன்னும் வரவில்லை.

பிஸ்கட்_ஏஜென்சி | மார்ச் 31, இரவு 9:15

லாரி வந்துவிட்டது. 850 கேஸ்.